வெபினார் அழைப்பைத் திருத்துவது எப்படி: மண்டபத்தில் எழுதியது மெல்போர்னிலும் புரிய ஒரு முழு வழிகாட்டி

மண்டபம் பக்கத்துப் பாசி வளர்ப்புக் குழு ஒன்று வெபினார் நடத்தப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் கடைசியில் வாடைக்காற்று தொடங்கிவிடும், வடகடல் கொந்தளிக்கும், மிதவை வேலை குறைந்திருக்கும். பேச நேரம் கிடைக்கும் காலம் அதுதான். கேட்க வருபவர்கள் உள்ளூர்க்காரர்கள் மட்டும் இல்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பாசி வளர்க்க நினைப்பவர்கள், துபாயிலும் ரியாத்திலும் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் வீட்டாருக்கு ஒரு தொழில் அமைத்துக் கொடுக்க நினைக்கும் கீழக்கரை, பெரியபட்டினம் ஆட்கள், கோலாலம்பூர், லண்டன், டொராண்டோ, மெல்போர்ன் என்று பரந்து கிடக்கும் உறவினர்கள் எல்லாம் உண்டு. குழு எழுதிய முதல் வரைவு இது:

> அன்புடையீர், வணக்கம்! அஸ்ஸலாமு அலைக்கும்! கடல்பாசி: வாய்ப்புகளும் சவால்களும் என்ற தலைப்பில் மாபெரும் இணையவழிக் கருத்தரங்கம் வரும் சனிக்கிழமை மஃரிபுக்குப் பின் 7.30 IST மணியளவில் நடைபெற உள்ளது. மறுவாரமும் அதே நேரத்தில் தொடரும் (24/10, 31/10). பல்லாண்டு அனுபவம் பெற்றவர்கள் உரையாற்றுகிறார்கள். அனைவரும் கலந்துகொண்டு பயன்பெற வேண்டுகிறோம். லிங்க் குழுவில் பகிரப்படும்.

தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடக்கும் கூட்டத்துக்கு இது போதும், ஏனென்றால் விட்டுப்போனதை அடுத்த வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். லண்டனில் இருப்பவருக்கு அடுத்த வீடு இல்லை. அவர் கையில் இருப்பது இந்த எழுத்து மட்டும்தான். அதனால் அழைப்பைத் திருத்தும்போது மூன்று கேள்விகளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இது எனக்கானதா? என் ஊர்க் கடிகாரத்தில் எப்போது? முடிந்தபின் என் கையில் என்ன இருக்கும்? மேலே உள்ள வரைவு மூன்றில் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

படி 1: கையில் கிடைப்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பலர் தலைப்பில் தொடங்குவார்கள். நான் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்வேன். கையில் கிடைப்பது தெளிவானால் தலைப்பு தானாக வந்துவிடும். தலைப்பை முதலில் வைத்தால் அதற்கேற்பப் பயனை இட்டுக்கட்ட வேண்டிவரும், "பயன்பெற வேண்டுகிறோம்" போன்ற வரிகள் அப்படித்தான் பிறக்கின்றன.

பேசப் போகிறவருக்குப் போன் போடுங்கள். "என்ன பேசப் போறீங்க?" என்று கேட்க வேண்டாம். அப்படிக் கேட்டால் பாசியின் வரலாற்றிலிருந்து ஆரம்பிப்பார். "அக்கா, கூட்டம் முடிஞ்ச மறுநாள் காலையில கேட்டவங்க என்ன செய்ய முடியும், முந்தின நாள் செய்ய முடியாதது?" என்று கேளுங்கள். இருபது ஆண்டு கடலில் நின்ற பெண் இதற்கு யோசித்துத்தான் பதில் சொல்வார். சொல்லும்போது அது இப்படி இருக்கும்: "ஒரு மிதவைக்கு என்னென்ன சாமான், எவ்வளவு விதைப்பாசின்னு கணக்குப் போட்டு வாங்கத் தெரியும். பாசி வெளுத்தா என்ன செய்யணும்னு தெரியும்." அழைப்புக்கு வேண்டிய இரண்டு வரி கிடைத்துவிட்டது.

அதைச் சரிபார்க்க வேண்டிய இடம் எண்கள். இந்தக் கரையில் வழக்கமான மூங்கில் மிதவை 12 அடிக்கு 12 அடி. அதில் சுமார் 60 கிலோ விதைப்பாசி கட்டுவார்கள். 45 நாளில் அறுவடை. அறுத்ததிலிருந்து அடுத்த சுற்றுக்கு விதை எடுத்து வைப்பார்கள். இப்படிப்பட்ட எண் ஒன்றோ இரண்டோ அழைப்பில் இருந்தால், படிப்பவர் பேச்சின் ஆழத்தை ஊகிக்காமல் நேரடியாகப் பார்த்துவிடுவார். ஆனால் லாபக் கணக்கை மட்டும் அழைப்பில் போடாதீர்கள். விலை மாறும், விளைச்சல் கடலைப் பொறுத்து மாறும். அழைப்பில் போட்ட தொகை பார்வர்டு ஆகிக்கொண்டே போய், வாக்குறுதி ஆகிவிடும்.

பல நாட்டு வாசகர்கள் என்னும்போது இந்த இடத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது பணம். "செலவுக் கணக்கு ரூபாயில் தரப்படும்" என்று எழுதினால் மன்னார்க்காரர் இலங்கை ரூபாய் என்றே நினைப்பார், அதில் அவர் மீது குறையும் இல்லை. "இந்திய ரூபாயில்" என்று எழுதுங்கள். இரண்டாவது எல்லை. மண்டபம் கடலில் சரிவரும் முறை எல்லாக் கடலுக்கும் சரிவராது, அனுமதி விதிகளும் நாட்டுக்கு நாடு வேறு. இங்கே மிதவையில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசி இந்தக் கடலில் தானாக வளர்ந்த இனம் இல்லை, வெளியிலிருந்து கொண்டுவந்தது. எனவே இன்னொரு நாட்டில் அதை வளர்க்கலாமா என்பதை அந்த நாட்டு மீன்வளத் துறையிடம்தான் கேட்க வேண்டும். வெபினார் அதைச் சொல்லப் போவதில்லை என்றால் அழைப்பே அதைச் சொல்லட்டும்: "உரிமம், மானியம், விற்பனை பற்றி இந்தக் கூட்டத்தில் பேசவில்லை." இந்த வரி ஆட்களைக் குறைக்கும் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். குறைக்கத்தான் செய்யும். ரியாத்திலிருந்து மானியம் பற்றிக் கேட்க வந்து, ஒரு மணி நேரம் காத்திருந்து, ஏமாந்து போகிறவர் குறைவார். அவர் இரண்டாவது வாரம் வரப்போவதும் இல்லை, நண்பர்களிடம் நல்லதாகச் சொல்லப்போவதும் இல்லை.

கிடைப்பது ஒரு பொருளாக இருந்தால் இன்னும் நல்லது. "ஒரு மிதவைக்கான சாமான் பட்டியலும் 45 நாள் வேலை அட்டவணையும், ஒரு பக்கம், பிடிஎஃப்" என்று சொன்னால் மெல்போர்னில் நள்ளிரவு தாண்டி விழித்திருக்க முடியாதவரும் பதிவு செய்வார். அப்படியானால் பதிவு செய்த எல்லாருக்கும் அது போகுமா, வந்தவர்களுக்கு மட்டுமா, ரெக்கார்டிங் உண்டா என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிடுங்கள். பல நாட்டு அழைப்பில் ரெக்கார்டிங் வரியை விட்டால், "ரெக்கார்டிங் கிடைக்குமா?" என்ற ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

படி 2: தலைப்பு, "இது எனக்கில்லை" என்று சிலர் சொல்லும்படி

நல்ல தலைப்புக்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான். அதைப் படித்து யாராவது ஒருவர் தெளிவாக "இது எனக்கில்லை" என்று சொல்ல முடிய வேண்டும். "வாய்ப்புகளும் சவால்களும்" என்பதைப் படித்து யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. எல்லாருக்கும் கொஞ்சம் ஆனது போல் தோன்றும், யாருக்கும் முழுதாக ஆகாது.

இந்தக் கரையில் பாசி என்றாலே ஒரே தொழில் இல்லை. தீவுகளை ஒட்டி முங்கி மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மிதவையில் கப்பாஃபைகஸ் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேலை, வேறு கவலை. மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா எல்லைக்குள் இருப்பதால் எடுப்பவர்களுக்கு அது பெரிய பிரச்சினை. வளர்ப்பவருக்குக் கவலை விதையும் காற்றும். "கடல்பாசி" என்று மட்டும் போட்டால் சின்ன ஏர்வாடியிலிருந்து ஒருவர் தன் பிரச்சினையைப் பேசுவார்கள் என்று வந்து உட்காருவார். தலைப்பில் வளர்ப்பு என்பது வர வேண்டும், எந்தப் பாசி என்பதும் வர வேண்டும்.

பாசியின் பெயரிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஊரில் பலர் பெப்சிப் பாசி என்றுதான் சொல்வார்கள், அந்த நிறுவனம் முதலில் இங்கே வளர்க்க வைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு அது விளங்காது. தலைப்பில் கப்பாஃபைகஸ் என்று போட்டுவிட்டு, ஊர்ப் பெயரை உள்ளே ஒரு முறை தாருங்கள். இரு பக்கமும் தெரிந்துகொள்ளும்.

பிறகு எங்கிருந்து எதுவரை என்பது. முதல் நாள் மிதவை கட்டி விதை போடுவது, இரண்டாம் நாள் பராமரிப்பும் அறுவடையும் என்றால் தலைப்பு இப்படி வரும்: "கப்பாஃபைகஸ் பாசி வளர்ப்பு: முதல் மூங்கில் மிதவை கட்டுவதிலிருந்து 45-ஆம் நாள் அறுவடை வரை." அதற்குக் கீழே ஒரு வரி: "இதுவரை மிதவை போடாதவர்களுக்கு." ஏற்கெனவே நாற்பது மிதவை வைத்திருக்கும் வேதாளை ஊர்க்காரர் இதைப் பார்த்துவிட்டு, வராமல் தன் மகளிடம் அனுப்பிவிடுவார். அது நமக்கு வேண்டியதுதான்.

"மாபெரும்", "பல்லாண்டு அனுபவம்" இரண்டையும் எடுத்துவிடுங்கள். அனுபவத்தைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கே, எத்தனை மிதவை என்று சொல்லுங்கள். படிப்பவருக்குப் போதும்.

படி 3: நேரம். இங்கே அவசரம் கூடாது

வரைவில் நேரம் பற்றி ஐந்து சிக்கல் இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

"வரும் சனிக்கிழமை." அழைப்பு வாட்ஸ்அப்பில் எத்தனை நாள் சுற்றும் என்று யாருக்கும் தெரியாது. 16-ஆம் தேதி படிப்பவருக்கு ஒரு சனி, 19-ஆம் தேதி படிப்பவருக்கு இன்னொரு சனி. வரும், நாளை, இந்த வாரம் மூன்றும் அழைப்பில் வேண்டாம்.

"24/10, 31/10." இந்தத் தேதிகள் தப்பிக்கும், ஏனென்றால் 24-ஆம் மாதம் கிடையாது. ஆனால் அதே பழக்கத்தில் அடுத்த கூட்டத்துக்கு 07/11 என்று எழுதினால் வட அமெரிக்காவில் இருப்பவர் ஜூலை 11 என்று படிக்க இடம் உண்டு. மாதத்தை எழுத்தில் போடுங்கள், ஆண்டும் கிழமையும் சேருங்கள்: 2026 அக்டோபர் 24, சனி. கிழமையும் தேதியும் ஒன்றையொன்று சரிபார்க்கும். தட்டச்சில் ஒன்று தவறினால் யாராவது உடனே பிடித்துச் சொல்லிவிடுவார்கள்.

"மஃரிபுக்குப் பின்." கீழக்கரையில் இதைவிடத் தெளிவான நேரக் குறிப்பு கிடையாது, ஊருக்குள் இதை விடவும் வேண்டாம். ஆனால் மஃரிப் சூரியனோடு நகரும். அக்டோபர் கடைசியில் கோலாலம்பூரில் மஃரிப் ஆகும்போது நமக்கு மாலை நாலரைதான். துபாயில் ஆகும்போது நமக்கு இரவு ஏழே கால். ஆகவே நேரத்தைத் தேர்வு செய்யும்போது தொழுகையைக் கணக்கில் எடுங்கள், எழுதும்போது கடிகாரத்தை எழுதுங்கள். நமது 7.30 துபாயில் மாலை 6.00, அங்கே மஃரிப் முடிந்திருக்கும். நாம் 7 மணி என்று வைத்திருந்தால் துபாய்க்காரர்களுக்குக் கூட்டத்தின் நடுவில் பாங்கு சொல்லியிருக்கும்.

"IST." இந்த மூன்று எழுத்து இந்தியாவுக்கு மட்டும் சொந்தமில்லை. அயர்லாந்தும் இஸ்ரேலும் தங்கள் நேரத்துக்கு இதையே எழுதுகின்றன. "இந்திய நேரம்" என்று முழுதாக எழுதுங்கள். இலங்கைக்கும் அதே நேரம்தான் என்பதால் "இந்திய, இலங்கை நேரம்" என்று சேர்த்தே எழுதலாம். ஒரு வரி மிச்சம்.

ஐந்தாவதுதான் பெரியது: "மறுவாரமும் அதே நேரத்தில்." இந்த ஆண்டு இந்த இரண்டு சனிக்கிழமைக்கு அது உண்மையில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை ஆண்டு முழுக்கக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. பிரிட்டனும் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளும் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும். 2026-இல் அது 25-ஆம் தேதி, சரியாக நம் இரண்டு கூட்டங்களுக்கும் இடையில். கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான இடங்களில் நவம்பர் முதல் ஞாயிறுதான் தள்ளுவார்கள், அது நவம்பர் 1. மெல்போர்னிலும் சிட்னியிலும் எதிர்த் திசையில் அக்டோபர் முதல் ஞாயிறே முன்னால் தள்ளியிருப்பார்கள்.

இதைக் கணக்கில் கொண்டு பார்த்தால், நம் 7.30 லண்டனில் 24-ஆம் தேதி பிற்பகல் 3.00. 31-ஆம் தேதி பிற்பகல் 2.00. டொராண்டோவில் இரண்டு நாளும் காலை 10.00. மூன்றாவதாக நவம்பர் 7-இல் ஒரு கூட்டம் வைத்தால் டொராண்டோவும் மாறி 9.00 ஆகிவிடும். "அதே நேரத்தில்" என்று நம்பி லண்டன்காரர் 31-ஆம் தேதி மூன்று மணிக்கு வந்தால், கூட்டம் முடிந்து எல்லாரும் போயிருப்பார்கள்.

எனவே மாற்றிப் போடுவதை நாட்டுக்கு ஒரு முறை செய்யக் கூடாது. ஒவ்வொரு தேதிக்கும் தனியாகச் செய்ய வேண்டும். போனில் உள்ள உலகக் கடிகாரத்தை இதற்கு நம்பாதீர்கள். அது இன்றைய வித்தியாசத்தைத்தான் காட்டும். அக்டோபர் 10-ஆம் தேதி அதைப் பார்த்தால் லண்டன் நாலரை மணி நேரம் பின்னால் என்று சொல்லும், 31-ஆம் தேதிக்கு அது ஐந்தரை. கூகுள் கேலண்டரைக் கணினியில் திறந்து, அமைப்புகளில் இரண்டாவது நேர மண்டலமாக லண்டனைச் சேர்த்து, கூட்டம் நடக்கும் தேதிக்கே போய்ப் பாருங்கள். அந்தத் தேதிக்கு உரிய வித்தியாசத்தை அது காட்டும். பிறகு டொராண்டோ, பிறகு மெல்போர்ன். கால் மணி நேர வேலை.

மெல்போர்னுக்கு இன்னொரு கவனம் வேண்டும். நம் சனி இரவு 7.30 அங்கே ஞாயிறு அதிகாலை 1.00. நாம் பேச்சில் அதையே "சனிக்கிழமை ராத்திரி ஒரு மணி" என்போம், விடிந்தால்தான் நமக்கு அடுத்த நாள். கேலண்டருக்கு நள்ளிரவிலேயே நாள் மாறிவிடும். அழைப்பில் "சனி இரவு 1.00" என்று எழுதினால் ஒருவர் ஒரு நாள் முன்னாலேயே விழித்துக் காத்திருக்கக் கூடும். தேதி மாறும் ஊருக்கு மட்டும் தேதியையும் கிழமையையும் மறுபடி எழுதுங்கள்: "அக்டோபர் 25, ஞாயிறு, அதிகாலை 1.00."

எத்தனை ஊர் போடுவது? பதிவுப் படிவத்தில் நாடு கேட்டிருந்தால் அதைப் பார்த்து, ஆள் அதிகம் உள்ள ஆறேழு ஊர் போதும். இருபது ஊர் போட்டால் தன் ஊரைத் தேடுவதற்குள் கண் வழுக்கிப் பக்கத்து வரியைப் படித்துவிடும். விட்டுப்போன ஊர்களுக்கு, உலகப் பொது நேரமான UTC-யில் ஒரே வரி: UTC 14:00. நாட்டுப் பெயர் போடாமல் ஊர்ப் பெயர் போடுங்கள். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஒரே நேரம் கிடையாது.

படி 4: எல்லாவற்றையும் வரிசையில் வைப்பது

வாட்ஸ்அப்பில் நீண்ட செய்தியின் மேல் பகுதி மட்டும்தான் தெரியும், மீதியைத் தட்டித் திறக்க வேண்டும். ஆகவே வாழ்த்தும் "பெருமகிழ்ச்சி அடைகிறோம்" என்பதும் முதல் வரிகளைத் தின்னக் கூடாது. ஸலாமும் வணக்கமும் ஒரு வரியில் இருக்கட்டும், அது நம் மரியாதை. அடுத்த வரியிலேயே தலைப்பு, அதற்கடுத்து தேதியும் நேரமும். திருத்திய அழைப்பு இது:

> அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.
>
> கப்பாஃபைகஸ் பாசி வளர்ப்பு: முதல் மூங்கில் மிதவை கட்டுவதிலிருந்து 45-ஆம் நாள் அறுவடை வரை
> இதுவரை மிதவை போடாதவர்களுக்கு. தமிழில், ஜூம் வழியாக, இரண்டு சனிக்கிழமைகள், தலா ஒரு மணி நேரம்.
>
> 2026 அக்டோபர் 24, சனி (மிதவை, விதை)
> 2026 அக்டோபர் 31, சனி (பராமரிப்பு, அறுவடை)
> இந்திய, இலங்கை நேரம் இரவு 7.30
>
> துபாய்: மாலை 6.00
> ரியாத்: மாலை 5.00
> கோலாலம்பூர், சிங்கப்பூர்: இரவு 10.00
> டொராண்டோ: காலை 10.00
> லண்டன்: 24-ஆம் தேதி பிற்பகல் 3.00, 31-ஆம் தேதி பிற்பகல் 2.00 (25-ஆம் தேதி அங்கே கடிகாரம் மாறுகிறது)
> மெல்போர்ன்: அக்டோபர் 25, நவம்பர் 1, ஞாயிறு, அதிகாலை 1.00
> மற்ற ஊர்களுக்கு: UTC 14:00
>
> கூட்டம் முடிந்ததும் 12 அடி மிதவை ஒன்றுக்குச் சாமானும் 60 கிலோ விதைப்பாசியும் கணக்கிட்டு வாங்கவும், பாசி வெளுத்தால் என்ன செய்வது என்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாமான் பட்டியலும் 45 நாள் அட்டவணையும் (ஒரு பக்கம், செலவு இந்திய ரூபாயில்) பதிவு செய்த எல்லாருக்கும் வரும். ரெக்கார்டிங்கும் வரும்.
>
> பேசுபவர்கள் மண்டபம் கடலில் மிதவை வைத்திருக்கும் பெண்கள். ஊரில் பெப்சிப் பாசி என்பது இதைத்தான். உரிமம், மானியம், விற்பனை பற்றி இதில் பேசவில்லை. உங்கள் நாட்டில் வளர்க்க அனுமதி உண்டா என்பதை அங்குள்ள மீன்வளத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
>
> பதிவு செய்ய: (லிங்க்)

பழையதைவிட இது நீளம்தான். ஆனால் ஒருவர் படிக்க வேண்டியது மேலே இருக்கும் சில வரியும் தன் ஊரின் வரியும் மட்டுமே. லிங்க் "குழுவில் பகிரப்படும்" என்று விடாதீர்கள். பார்வர்டு வழியாக வந்தவர் அந்தக் குழுவிலேயே இருக்க மாட்டார்.

இதையே போஸ்டராகவும் போடுவார்கள். போடட்டும், ஆனால் படத்தை மட்டும் அனுப்பக் கூடாது. படத்தில் உள்ள லிங்க்கைத் தட்ட முடியாது, நேரத்தை நகல் எடுக்க முடியாது, சின்ன போனில் ஊர்ப் பட்டியல் கண்ணுக்கும் தெரியாது. போஸ்டரில் தலைப்பும் இரண்டு தேதியும் இந்திய, இலங்கை நேரமும் பெரிதாக இருக்கட்டும், "மற்ற ஊர் நேரம் கீழே செய்தியில்" என்று ஒரு வரி போடுங்கள். படத்தின் அடிக்குறிப்பாகவே முழு எழுத்தையும் ஒட்டினால் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே பயணிக்கும்.

படி 5: கேலண்டரில் ஏறும்படி

எழுத்தில் எவ்வளவு சரியாகப் போட்டாலும், பதிவு செய்தவரின் போன் கேலண்டரில் ஏறிவிட்டால்தான் நிம்மதி. பதிவு உறுதி மின்னஞ்சலோடு ஒரு .ics கோப்பு அனுப்பலாம். அதில் நேரத்தை UTC-யில் கொடுத்தால் ஒவ்வொருவர் போனும் தன் ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும். கவனிக்க வேண்டிய வரிகள் இவைதான்:

```
DTSTART:20261024T140000Z
DTEND:20261024T150000Z
```

கடைசியில் வரும் Z-தான் UTC என்பதைச் சொல்கிறது. அது விட்டுப்போனால் எல்லார் போனிலும் அவரவர் ஊர் பிற்பகல் 2.00 என்று ஏறிவிடும், மண்டபத்தில் உட்பட. இரண்டாவது கூட்டத்துக்கு 20261031 என்று தனி நிகழ்வு.

கோப்பு எழுதத் தெரியாவிட்டால் கூகுள் கேலண்டரில் நிகழ்வை உருவாக்கி அழைப்பு அனுப்பினாலும் இதே வேலை நடக்கும். ஒரே நிபந்தனை, நிகழ்வின் நேர மண்டலம் இந்தியாவாக இருக்க வேண்டும். குழுவுக்குத் தொழில்நுட்ப உதவி செய்பவர் லண்டனில் இருந்துகொண்டு "வாராவாரம் சனி பிற்பகல் 3.00" என்று தன் ஊர் நேரத்தில் திரும்ப வரும் நிகழ்வாகப் போட்டால், இரண்டாம் வாரம் லண்டனில் 3.00 அப்படியே நிற்கும், நமக்கு 8.30 ஆகிவிடும். பேசுபவர் ஒரு மணி நேரம் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஜூமிலும் அப்படித்தான்: அது தரும் அழைப்பு உரையில் நேரத்துக்குப் பக்கத்தில் எந்த மண்டலம் என்று எழுதியிருக்கும். நகல் எடுக்கும் முன் அதைப் பாருங்கள்.

படி 6: அனுப்பும் முன் மூன்று பேர்

வேறு வேறு நாட்டில் மூன்று பேருக்கு மட்டும் முதலில் அனுப்புங்கள். ஒருவர் கடிகாரம் மாறும் ஊரில், ஒருவர் தேதி மாறும் ஊரில், ஒருவர் பாசி பற்றி ஒன்றும் தெரியாதவர். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும், நம் ஆட்கள் மனம் நோகப் பேச மாட்டார்கள். பதில் சொல்லித்தான் ஆக வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள்.

"காக்கா, ரெண்டு நாளும் நீங்க எத்தனை மணிக்கு ஜூமைத் திறப்பீங்க?"

லண்டன் காக்கா "மூணு மணிக்குத்தானே" என்று ஒரே நேரம் சொன்னால், கடிகார மாற்றம் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். தகவல் இருக்கிறது, இடம் சரியில்லை. இரண்டு தேதியின் நேரத்தையும் தடித்த எழுத்தாக்குங்கள், அல்லது லண்டனை இரண்டு வரியாகப் பிரியுங்கள். மெல்போர்ன் லாத்தாவிடம் "எந்தக் கிழமை அலாரம் வைப்பீங்க?" என்று கேளுங்கள். மூன்றாமவரிடம் "முடிஞ்சதும் உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேளுங்கள். அவர் "பாசி பத்தி தெரிஞ்சுக்கலாம்" என்றால் பயன் வரி இன்னும் பொதுவாகவே இருக்கிறது. "மிதவைக்குச் சாமான் லிஸ்ட் வரும்" என்றால் அனுப்பிவிடலாம்.

படி 7: அனுப்பியபின் மாறினால், நினைவூட்டும்போது

புயல் எச்சரிக்கை, மின்வெட்டு என்று நேரம் மாற வாய்ப்பு உள்ள மாதம் இது. மாறினால் பழைய செய்தியில் ஒரு எண்ணை மட்டும் திருத்தி மறுபடி அனுப்பாதீர்கள். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், பழையதும் சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் வரியிலேயே "நேர மாற்றம்" என்று போட்டு, பழைய நேரம் என்ன, புதிய நேரம் என்ன என்று இரண்டையும் சொல்லி, ஊர்ப் பட்டியலை முழுவதும் புதிதாகக் கணக்கிட்டு எழுதுங்கள். கேலண்டர் நிகழ்வையும் அன்றே மாற்றுங்கள்.

நினைவூட்டல் இரண்டு போதும், முந்தைய நாள் ஒன்று, ஒரு மணி நேரம் முன்பு ஒன்று. "இன்னும் ஒரு மணி நேரத்தில்" என்பது எந்த ஊரிலும் ஒரே அர்த்தம் தரும், ஆனால் அனுப்பிய உடனே படிப்பவருக்கு மட்டும்தான். அதனால் கூடவே "இந்திய, இலங்கை நேரம் 7.30" என்றும் இருக்கட்டும். இரண்டாவது கூட்டத்துக்கு முந்தைய நாள், 30-ஆம் தேதி, லண்டனிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வரி அனுப்புங்கள்: "போன வாரம் உங்களுக்கு 3.00 மணிக்குத் தொடங்கியது. நாளை 2.00 மணிக்கு." பாரிஸில் இருப்பவருக்கு அதுவே 4.00, 3.00.